ஒல்லிக் கிருமி

கொடைக்கானலில் வீட்டுச் சாக்லேட் விற்காத தெருவே கிடையாது. மேலே பூப்படம் போட்ட தகர டின்னில் அடுக்கிக் கொடுப்பார்கள். அப்படி ஒரு டின்னில் எனக்கு மலம் வந்தது. ஆமாம், மலம்தான். பண்ணைக்காட்டு ஜீப் டிரைவர் சிரித்த முகத்தோடு என் மேஜையில் வைத்து, "மொதலாளி குடுத்து விட்டாருங்க. வெரசா பாக்கணுமாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏதோ இனிப்பு அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, ஒரு கையில் டீ கிளாஸோடு மூடியைத் திறந்தேன். கருமம், கருமம்! அன்றையிலிருந்து எனக்கு சாக்லேட் தொண்டையில் இறங்குவதில்லை.

மலம் எனக்குப் புதிது இல்லை. மைக்ரோபயாலஜி படித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு லேப் வைத்திருந்தேன். ரத்தம், மூத்திரம், சளி, மலம், இவைதான் எனக்குச் சோறு போட்டன. தீப்பெட்டியில் கொண்டுவருவார்கள், ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவருவார்கள். நோயாளி என்ன செய்வார், பாவம். நான் முகம் சுளித்தது கிடையாது. ஆனால் அந்த டின்னால் எனக்கு வந்த அருவருப்பு நாற்றத்தால் வந்தது இல்லை. அனுப்பிய மனிதரால் வந்தது. அது இன்றுவரை போகவில்லை.

அந்த முதலாளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு மேலே அவருக்கு ஒரு விடுதி இருந்தது. பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம் இருந்தது. ரெண்டாயிரத்து எட்டு வாக்கில் சீஸன் கூட்டம் மட்டும் போதாது என்று விடுதியை எடை குறைப்பு முகாம் ஆக்கினார். மதுரை, கோயம்புத்தூர் பக்கத்துப் பணக்காரர்கள் வந்து தங்குவார்கள். காலையில் ஏரியைச் சுற்றி நடை, மத்தியானம் காய்கறி சூப், சாயந்தரம் மறுபடி நடை. கூடவே ஒரு கேப்ஸ்யூல். அதற்குள் நல்ல பாக்டீரியா இருக்கிறது, அது குடலில் உட்கார்ந்து கொழுப்பைக் கரைக்கும் என்று சொல்லிக் கொடுப்பார். வெறும் சூப்பைக் குடித்துக்கொண்டு இந்தக் குளிரில் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தால் யானைகூட இளைக்கும். ஆனால் பெயர் கேப்ஸ்யூலுக்குப் போனது. கேப்ஸ்யூல் இல்லாமல் சூப்பும் நடையும் மட்டும் கொடுத்து யாரையாவது வைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால், "அது எதுக்கு மேடம்?" என்பார்.

சும்மா உளறுகிறவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். மனிதர் படித்திருந்தார். முகாம் தொடங்கிய புதிதிலேயே இன்டர்நெட்டில் எடுத்த தாள்களோடு லேப்புக்கு வந்து உட்கார்ந்துகொண்டு பேசினார். நாற்காலி நிறைய உட்காருகிற உருவம் அவருக்கு. மாடி ஏறினால் மூச்சு வாங்கும்.

"மேடம், குடல்ல கிருமியே இல்லாம கண்ணாடிக் கூண்டுல எலி வளக்குறான். அதுக்குக் குண்டு எலியோட குடல் கிருமியக் குடுத்தா கொழுப்பு கூடுதலா போடுது. ஒல்லி எலியோடதக் குடுத்தா அந்த அளவுக்குப் போடல. தீனி ரெண்டுக்கும் ஒண்ணுதான். நெசமா இல்லையா?"

"நிஜம்தான்" என்றேன். நிஜத்தை இல்லை என்று சொல்ல எனக்கு என்ன வேண்டுதல்? நாம் செரிக்க முடியாத நாரைக்கூட சில கிருமிகள் உடைத்து உடம்புக்குச் சத்தாக்கிக் கொடுக்கின்றன. யார் குடலில் எது அதிகம் என்பதைப் பொறுத்து ஒரே சோற்றிலிருந்து கிடைப்பது கொஞ்சம் கூடலாம், குறையலாம். எனக்கும் அதைப் படித்தபோது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

"ஆனா அது எலிங்க" என்றேன். "குண்டான மனுஷங்க குடல்ல கிருமிக் கூட்டம் வேற மாதிரி இருக்குன்னு சிலர் சொல்றாங்க. குண்டானதால மாறுச்சா, மாறினதால குண்டானாங்களான்னு யாருக்கும் தெரியல. சாப்பாட்ட மாத்தினாலே கிருமியும் மாறிடும். நீங்க குடுக்கிற கேப்ஸ்யூல் வயித்து அமிலத்தத் தாண்டி உசுரோட போய்ச் சேருதான்னே தெரியாது. சேந்தாலும், நிறுத்தினா கொஞ்ச நாள்ல கழுவிட்டுப் போயிரும். அது எடையக் குறைக்கும்னு மனுஷன்கிட்ட யாரும் நிரூபிக்கல."

அவர் அசரவில்லை. வந்த விஷயம் வேறு. முகாமுக்கு வருகிறவர்களின் மலத்தைப் பரிசோதித்து, குண்டுக் கிருமி இத்தனை, ஒல்லிக் கிருமி இத்தனை என்று நான் ரிப்போர்ட் எழுதித்தர வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம். என் தட்டில் மலத்தைத் தடவி வளர்த்தால் காற்றில் பிழைக்கிற நாலைந்து வகைதான் வளரும். குடலில் இருப்பதில் பெரும்பாலானது காற்றுப் பட்டால் செத்துவிடும். அவர் கேட்கிற கணக்கை மரபணுவைப் படித்துத்தான் சொல்ல முடியும், அதற்கு இந்த மலையில் வசதி கிடையாது என்றேன்.

"சும்மா ஒரு குத்துமதிப்பா..."

"குத்துமதிப்பாப் போடுறதுக்கு நான் கிளி ஜோசியம் பாக்கலங்க" என்றேன். "கீழ போய் ஒரு கோழிப் பண்ணையில விசாரிச்சுப் பாருங்க. உங்க டப்பாவுல இருக்கிற கிருமியோட பங்காளியத்தான் தீவனத்துல கலக்குறாங்க. எதுக்கு? கோழி எடை போடுறதுக்கு! அங்க குண்டாக்குறது உங்ககிட்ட வந்தா ஒல்லியாக்குமா?"

முகம் சிவந்து எழுந்து போனார். விட்டது சனியன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு வந்ததுதான் சாக்லேட் டின்.

டின் வந்தது காப்பிப் பழம் பறித்து முடிந்த மாசி மாதத்தில். டீயைக் கொட்டிவிட்டு, குச்சியால் துளி எடுத்து, உப்புத் தண்ணீரில் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பார்த்த இடமெல்லாம் கொக்கிப்புழு முட்டை. மெல்லிய ஓட்டுக்குள் நாலு உருண்டையாகத் திரண்டு நிற்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது. நடுவில் ஜியார்டியாவும் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. கழிச்சல் உண்டாக்கும். கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். இத்தனை முட்டை இருந்தால் உள்ளே எத்தனை புழு இருக்கும், அந்த உடம்பில் எவ்வளவு ரத்தம் மிச்சம் இருக்கும் என்று எனக்குப் பதறியது. உடனே முதலாளிக்குப் போன் போட்டேன்.

"இது யாரோடது?"

"அத விடுங்க மேடம். ஒல்லிக் கிருமி இருக்கா?"

"புழு இருக்கு! யாரோடதுன்னு கேட்டேன்."

பெருமையாகச் சொன்னார். அவர் தோட்டத்தில் பறிப்பு முடிந்தால் கிடா வெட்டி ஆட்களுக்குச் சோறு போடுவது வழக்கம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் முதலாளி லயத்துப் பக்கம் வந்து, அதாவது ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள் பக்கம் வந்து, நாற்காலி போட்டு உட்காருவார். இந்த வருஷம் ஒரு பெண் மூன்று தடவை சோறு வாங்கிக் கறியோடு சாப்பிட்டதைப் பார்த்தாராம். ஆம்பளைகூட அப்படிச் சாப்பிட மாட்டானாம். ஆனால் ஆள் விறகுக்குச்சி மாதிரி இருந்தாளாம்.

"அவ்வளவு தின்னும் ஒடம்புல ஒட்டல பாத்தீங்களா? அப்ப அவ குடல்ல என்னமோ இருக்கு. அந்தக் கிருமிதான் எனக்கு வேணும். மேஸ்திரிகிட்டச் சொல்லி டின்னுல வாங்கிட்டேன். டின்னுக்கு இவ்வளவுன்னு அரிசி குடுக்குறேன், சும்மா இல்ல."

போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். வருஷத்தில் ஒரு வேளை அவள் வயிறாரச் சாப்பிட்டதை உட்கார்ந்து பார்த்துவிட்டு, தினமும் அப்படித்தான் சாப்பிடுகிறாள் என்று முடிவு கட்டியிருக்கிறார். மற்ற நாட்களில் அவள் என்ன சாப்பிடுகிறாள், எத்தனை சரிவு ஏறி மூட்டை சுமக்கிறாள் என்பதெல்லாம் அவர் கணக்கில் இல்லை. அந்தப் பெண்ணை அனுப்புங்கள், ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். "அவளுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கா" என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே பண்ணைக்காட்டு பஸ் பிடித்தேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் போனேன். வழியெல்லாம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே போனதில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

லயத்தில் விசாரித்ததும் அவளே வாசலுக்கு வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். பேச்சில் அந்த வாடை இருந்தது. முதலாளியைத் தொரை என்றாள். வெறுங்கால். இமையை இழுத்துப் பார்த்தேன், உள்ளே சிவப்பே இல்லை. நகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துக் கிடந்தது. நாலு எட்டு வைத்து வந்ததற்கே சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் வயிற்றைக் கவனித்தேன். அஞ்சு மாதம்.

"ஏம்மா, மாசமா இருக்கேன்னு மேஸ்திரிக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. தொரைக்குத் தெரியாது. மூணு தடவ சோறு வாங்குனது அதுக்குத்தானுங்க. பசி தாங்கல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "தொரை என்னோடத டின்னுல கேக்குறாருன்னு மேஸ்திரி சொன்னப்ப நான் நம்பலைங்க. லயமே சிரிக்குது. பெரிய மனுசருக்கு எதெதுல ஆசை வருது பாருங்களேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் அது போய்விட்டது. கிராம நர்ஸ் வந்து பூச்சி மாத்திரையும் சத்து மாத்திரையும் கொடுத்திருக்கிறார். எடுத்துக் காட்டினாள், பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"ஏன் சாப்பிடல?"

"திங்கக் கூடாதுன்னு மேஸ்திரி சொல்லிட்டாருங்க. மாத்திரை தின்னா வயித்துல கெடக்குற அந்த நல்ல சாமான் செத்துப் போயிருமாம். தொரை உத்தரவு. மீறினா லயத்த விட்டுக் கெளம்பச் சொல்லிருவாங்க. வவுத்தப் புடிச்சுக்கிட்டு எங்கங்க போறது?"

தூ! வாசலில் காறித் துப்பினேன். என் படிப்புக்கு அழகில்லைதான். அவள் கையில் ரத்தம் எடுத்து லேப்புக்குக் கொண்டுவந்து பார்த்தேன். குறைந்தது பதினொன்று இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஆறுகூட இல்லை. இந்த ரத்தத்தோடு பிரசவ வலி வந்தால், கொஞ்சம் ரத்தப்போக்கு ஆனாலும் தாயும் பிள்ளையும் போய்விடுவார்கள். அதற்குள் புழு போக வேண்டும், ரத்தம் ஏற வேண்டும். மாத்திரை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. குறுக்கே நிற்பது அந்த மனிதரின் ஒல்லிக் கிருமி ஆசை மட்டும்தான்.

விடுதிக்குப் போய் நாலு கேள்வி கேட்கலாம் என்று மறுநாள் கிளம்பும்போது அவரே லேப்புக்குள் வந்தார். எனக்கு அடையாளமே தெரியவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பேண்ட் இடுப்பில் நிற்காமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மேடம், எறங்கிருச்சு! எடை எறங்கிருச்சு! நீங்கதான் நம்பவே இல்ல."

"என்ன பண்ணினீங்க?"

மெதுவான குரலில் சொன்னார். எனக்கு அனுப்புவதற்கு மூணு வாரம் முன்பே வந்த முதல் டின்னைத் தண்ணீரில் கரைத்து, மல் துணியில் வடிகட்டி, மோரில் கலந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து தானே குடித்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து ஆரம்பித்ததாம். எண்ணெய் மிதக்கிற மாதிரி கழிச்சல், நாற்றம் தாங்கவில்லை, வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்கிறது. "கொழுப்பு அப்படியே வெளிய வருது மேடம், கண்ணால பாக்குறேன்" என்றார். அடுத்த மாதம் முகாமுக்கு வருகிறவர்களுக்கும் கொடுக்கப் போகிறாராம். மூலிகை மோர் என்று பேர்கூட வைத்துவிட்டார்.

நான் பின்பக்கம் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். குடித்தது அவர், குமட்டல் எனக்கு. அடச்சே, மனிதப் பிறவியில் இப்படியும் ஒன்றா!

அவருடைய மலத்தை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்து, அவரையே கூப்பிட்டுக் காட்டினேன். ரெண்டு கண் வைத்து முறைக்கிற முகம் மாதிரி ஜியார்டியா.

"இது பாக்டீரியாவே இல்ல. ஒட்டுண்ணி. அந்தப் பொண்ணு மலத்துல இருந்து உங்களுக்கு ஒட்டிக்கிச்சு. சாப்பிட்ட கொழுப்பு செரிக்காம போகுது, அதான் எண்ணெய். நீங்க இளைக்கல, உங்களுக்கு வியாதி. உங்க குடல்ல அவளோட கிருமி குடியேறிச்சா இல்லையான்னு இந்த உலகத்துல யாருக்கும் தெரியாது. ஆனா இது குடியேறினது எனக்குத் தெரியுது."

மைக்ராஸ்கோப்பை விட்டுத் தலையைத் தூக்காமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். நானும் ஒரு முட்டாள்.

"அப்ப... இதையே கேப்ஸ்யூல்ல போட முடியுமா மேடம்?"

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. மேஜையில் இருந்த டெலிபோனை அவர் முன்னால் டொக்கென்று தள்ளினேன். "மேஸ்திரியக் கூப்பிடுங்க. அந்தப் பொண்ணு இப்பவே மாத்திரை போடணும், ஜீப்புல ஏத்தி இங்க பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும், லயத்த விட்டு யாரும் அவளப் போகச் சொல்லக் கூடாது. நீங்களே உங்க வாயால சொல்லுங்க. இல்லன்னா இன்னைக்கு மத்தியானம் சூப்பு குடிக்கிற நேரத்துக்கு உங்க விடுதிக்கு வருவேன். நீங்க மோர்ல கலக்குனது என்னன்னு அத்தனை பேர் முன்னாடியும் சொல்லுவேன்."

"கொஞ்ச நாள் பொறுத்தா..."

"அவ மாசமா இருக்கா. ரத்தம் இல்ல. செத்துருவா!"

"அப்படியா?" என்றார். "அப்ப அவளுக்குப் பதிலா வேற ஒருத்தியப் பாக்கணுமே."

சத்தியமாக அதைத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, டெலிபோனை எடுத்தார். பாதிப் பேச்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் கக்கூஸுக்கு ஓடினார். மீதியை நானே மேஸ்திரியிடம் பேசி முடித்தேன். அவர் போன பிறகு அந்த இடத்தை ரெண்டு தடவை பினாயில் ஊற்றிக் கழுவினேன்.

அவளைச் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் பூச்சி மாத்திரை கொடுத்து, ரத்தம் ஏற்றி, இரும்புச் சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். அப்புறம் தவறாமல் ரத்தப் பரிசோதனைக்கு என்னிடம் வந்தாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரிடம் மார்க் கேட்பது மாதிரி எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போவாள். ஆடி மாதம் ஆஸ்பத்திரியிலேயே பிரசவம் ஆனது. பெண் குழந்தை. ரத்தப்போக்கு கொஞ்சம் இருந்தது, தாங்கிவிட்டாள்.

முதலாளியும் மருந்து சாப்பிட்டுக் குணமானார். குணமான வேகத்தில் போன எடை வட்டியோடு திரும்பி வந்தது. மோர்த் திட்டத்தைக் கைவிட்டாலும் கேப்ஸ்யூலை விடவில்லை. சீஸனுக்குச் சீஸன் கூட்டம் வந்தது, சூப்பு குடித்து நடந்து இளைத்து, கேப்ஸ்யூலை வாழ்த்திவிட்டுப் போனது.

குழந்தைக்கு மூணு மாதம் இருக்கும்போது ஒரு நாள் அவள் கடைசி ரத்தப் பரிசோதனைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் சேலை, காலில் செருப்பு. கன்னத்தில் சதை பிடித்து, முகம் தெளிந்து, மடியில் பிள்ளையைப் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து முதலாளி தன் சர்க்கரை ரிப்போர்ட் வாங்க உள்ளே வந்தார். அவளைத் தாண்டி வந்து என்னிடம் குசுகுசுத்தார்.

"மேடம், அந்த ஒல்லிப் பொண்ணு இருந்தாளே, அவ என்ன ஆனா? இருக்காளா?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவள் எழுந்து நின்றாள். "நான்தாங்க தொரை" என்றாள்.

அவர் திரும்பி அவளை மேலிருந்து கீழே பார்த்தார். கன்னத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். பிள்ளையைப் பார்க்கவே இல்லை. ஏதோ நல்ல பொருள் கை தவறி உடைந்துவிட்ட மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினார்.

"அய்யய்யோ, எப்படி இருந்தவ! வீணாப் போச்சே" என்றார்.